கால் கிலோ கேஸில் எத்தனை யூனிட்

என் அண்ணிக்குச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் வைத்திருந்த பெயர் ‘அபாயம்’. மின்கம்பத்தில் மண்டையோடு வரைந்து எழுதியிருப்பார்களே, அந்த அபாயம். அடுப்புப் பக்கம் யாராவது நைலான் துணி உடுத்தி வந்தால் போச்சு, பருத்தித் துணி மாற்றிக்கொண்டு வந்தால்தான் கரண்டியே கையில் கிடைக்கும். முகத்துக்கு நேராக யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னதும் அண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் வைத்துவிட்டுப் போகட்டும், கைகால் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நடத்திய சமையல்கூடம் அது. பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மதியச் சாப்பாடு அனுப்புவார்கள். முன்னால் ஒரு கூடம், பெரிய அடுப்புகள் வரிசையாக. பின்னால் தகரக் கூரை போட்ட திறந்த தாழ்வாரம், அங்கேதான் சிலிண்டர்கள் நிற்கும். அங்கிருந்து இரும்புக் குழாய் ஒன்று தரைக்குள் வெட்டிய வாய்க்காலில் இறங்கி, மேலே சிமெண்ட் பலகைகளால் மூடப்பட்டு, அடுப்புகளுக்கு வரும். கூடத்துக்கு அடியில் ஒரு நிலவறை. மூட்டைகள், எண்ணெய் டின்கள், வெங்காயம், பூண்டு எல்லாம் அங்கே கிடக்கும். இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. சுவரின் மேல்பக்கத்தில் பழைய காற்றிழுக்கும் விசிறி ஒன்று. அது கர்ரென்று ஓடும் சத்தத்தை நாங்கள் அந்தக் கட்டடத்தின் மூச்சு என்றே நினைத்திருந்தோம்.

நான் மின்சார அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் வேலை பார்த்தவள். அதனால் அண்ணன் என்னை ‘யூனிட்டு’ என்றுதான் கூப்பிடுவான். தங்கை என்று ஒருத்தி இருப்பதே எதையாவது கணக்குப் போட்டுத் தருவதற்குத்தான் என்பது அவன் எண்ணம். விடுமுறை நாளில் நான் போய் உட்கார்ந்தால், டீ வருவதற்கு முன்னால் கால்குலேட்டர் வரும்.

அண்ணியின் பயம் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தார். ஒரு காலை அவருடைய கூட்டாளி அடுப்பைப் பற்றவைத்தாள். முந்தின நாள் யாரோ கேஸ் திருகைச் சரியாக மூடாமல் போயிருந்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கூட்டாளியைப் பற்றி அண்ணி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் ஒருமுறை கேட்டேன். “விடு பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஒவ்வொரு நாளும் காலையில் முதல் அடுப்பை அவர்தான் பற்றவைப்பார். வேறு யாரையும் விடமாட்டார். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, குனிந்து தரையருகே மோந்து பார்த்து, பிறகு கையை நீட்டுவார். அந்தக் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இருபது வருஷம் அதே அடுப்பு, அதே கை, அதே நடுக்கம். மதியச் சாப்பாடு வண்டி ஏறியதும் ஓடிப்போய்ச் சிலிண்டரின் திருகை இறுக்கி மூடிவிட்டு வந்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்.

அண்ணனுக்கு இது எல்லாம் வேடிக்கை. அவன் ஆள் நல்லவன்தான், ஆனால் பயப்படுகிறவரைப் பார்த்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணி எங்கேயாவது மோந்து பார்த்து, “ஏங்க, கேஸ் நாத்தம் அடிக்குதுங்க” என்றால் போதும். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுப்பான், அந்த இடத்திலேயே ஒரு குச்சியைக் கிழிப்பான். “பாத்தியா? ஒண்ணும் ஆகலை. உயிரோடதான் இருக்கோம்” என்று சிரிப்பான். அண்ணிக்கு அந்த நொடியில் முகத்தில் ரத்தமே இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது என்ன விளையாட்டு என்று நான் கத்தினால், “உனக்கும் தொத்திக்கிச்சா?” என்பான்.

அதற்கு அண்ணி கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான். தினமும் காலையில் அவன் குளிக்கப் போகும்போது சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒளித்துவிடுவார். அவன் தேடுவான், திட்டுவான், புதிது வாங்குவான். வீட்டில் ஒரு டப்பா நிறையத் தீப்பெட்டி சேர்ந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் நிலவறைக்குள் போய் ஒளிந்து ஒரு சிகரெட் பிடிப்பான். ‘வெங்காயம் பார்த்துட்டு வரேன்’ என்பது அதற்கு அவன் வைத்திருந்த பெயர். எங்கள் எல்லோருக்கும் தெரியும், தனக்கு மட்டுமே தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி வாழ்க்கையில் அவனிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. கரண்ட் அடுப்பு கேட்டார். தீயே இல்லாத, தானாகப் பாத்திரத்தை மட்டும் சூடாக்குகிற அந்த அடுப்பு. அதில் சமைத்தால் காலையில் கை நடுங்காது என்றார். அண்ணன் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். “செலவு கேஸை விட ஒரு காசு கூட ஆனாலும் வேண்டாம். ஆகலைன்னா வாங்கிடலாம். யூனிட்டு வந்து கணக்குப் போடட்டும்” என்றான்.

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அடுப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் ஒரு பெரிய கரண்ட் அடுப்பைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். வேகாத வெயிலிலும் டை கட்டியிருந்ததால் அவருக்கு ‘டை’ என்றே பெயர் வைத்துவிட்டோம். அடுப்புக்குக் கனமான கம்பி வேண்டும் என்றார். சாதாரணப் பிளக்கில் போட்டால் கருகிவிடும். கூடத்தில் அப்படிப்பட்ட கம்பி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்பு நிலவறையில் மாவு அரைக்கும் மோட்டார் ஓடியது, அதற்காக இழுத்தது. மோட்டார் போய்விட்டது. இப்போது அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது காற்றிழுக்கும் விசிறி மட்டும்.

எலக்ட்ரீஷியன் விசிறியைக் கழற்றிவிட்டு அடுப்பை மாட்டினார். கர்ர் நின்றது. கூடம் திடீரென்று அமைதியாகிவிட்டது.

“கீழே காத்து வேணாமா?” என்று கேட்டார் அண்ணி.

“வெங்காயம் மூச்சு விடணுமாக்கும்! ரெண்டு நாள்தானே, பொறுத்துக்கும்” என்றான் அண்ணன்.

அன்று சாயங்காலமே அண்ணி படிக்கட்டின் உச்சியில் நின்று மோந்து பார்த்திருக்கிறார். அழுகின வெங்காய நாற்றம். இரண்டு பெண்களை இறக்கிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கச் சொன்னார்கள். ஒரு கூடை அழுகல் வெளியே போனது. விசிறி இல்லாததால் நாறுகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கேஸில் நாற்றத்துக்காகக் கலக்கும் மருந்தும் அதே அழுகின வெங்காயம்போலத்தான் நாறும் என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் கூடையில் கண்ணெதிரே அழுகல் இருக்கும்போது எவருக்கு வேறு சந்தேகம் வரும்?

மறுநாள், சாப்பாடு வண்டி போன பிறகு, வேலைக்காரர்களை அனுப்பிவிட்டு நாங்கள் நான்கு பேரும் சோதனையை ஆரம்பித்தோம். அண்ணன், அண்ணி, டை, நான்.

அண்ணன் ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். சிலிண்டரை மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றியிருக்கிறான். முப்பத்தைந்து கிலோ. ஒரு கிலோ கேஸுக்குப் பன்னிரண்டே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று டை சொன்னதை அதோடு பெருக்கி, “ஒரு சிலிண்டர்ல நானூத்தி நாப்பத்தெட்டு யூனிட்டு இருக்கு. கரண்ட் பக்கத்துல கூட வர முடியாது” என்று மார்தட்டினான்.

“அண்ணா, இரும்பையும் சேர்த்தா எரிக்கிறே?” என்றேன்.

டை இருமுவதுபோல் சிரித்தார். சிலிண்டரின் கழுத்தில் காலி எடை குத்தியிருக்கும். அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ் பத்தொன்பது கிலோ. ஒரு கிலோ கேஸை எரித்தால் நாற்பத்தாறு மெகாஜூல் வெப்பம் வரும். ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, மூன்று புள்ளி ஆறு மெகாஜூல். நாற்பத்தாறை மூன்று புள்ளி ஆறால் வகுத்தால் பன்னிரண்டு புள்ளி எட்டு. அதைப் பத்தொன்பதால் பெருக்கினால் இருநூற்று நாற்பத்து மூன்று யூனிட். நான் இதை உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதி அவனுக்குக் காட்டினேன்.

அவன் அசரவில்லை. சிலிண்டர் விலையை இருநூற்று நாற்பத்து மூன்றால் வகுத்தான். அப்போதும் மின்சார யூனிட்டின் விலை கேஸ் யூனிட்டின் விலையைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே இருந்தது. “அப்புறம் என்ன, கடையை மூடு” என்றான்.

அண்ணி அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். “அந்த யூனிட்டு எல்லாம் பாத்திரத்துக்குள்ளயா போகுது? பாதி என் மூஞ்சியிலல்ல அடிக்குது” என்றார். அவர் கன்னம் வருஷக்கணக்காக வெந்து கறுத்திருந்தது.

அண்ணி சொன்னதுதான் சரியான கேள்வி. ஒரே அண்டா, நாற்பது லிட்டர் தண்ணீர், இரண்டு அடுப்பிலும் கொதிக்க வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அவ்வளவு தண்ணீர் கொதி வருவதற்குத் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம் மூன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று டை கணக்குப் போட்டார். கரண்ட் அடுப்பில் வைத்தோம். மீட்டர் நான்கு யூனிட் காட்டியது. அண்ணி அந்த அடுப்பின் கண்ணாடி மேல் கை வைக்காமலே, பக்கத்தில் நின்று, தண்ணீர் கொதிப்பதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தீ இல்லை. சத்தம் இல்லை. “நெஜமாவே கொதிக்குது பாப்பா” என்றார். இருபது வருஷத்தில் அவர் அடுப்பருகே சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அண்டாவை ஆறவைத்து, அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றி, கேஸ் அடுப்பில் ஏற்றினோம். பின்னால் தாழ்வாரத்தில் ஒரே ஒரு சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, ரப்பர் குழாய் எடையை இழுத்துவிடாதபடி தளர்த்திவிட்டு, மற்ற சிலிண்டர்களை மூடினேன். கொதி வந்ததும் அண்ணி அடுப்பை அணைத்தார். நான் ஓடிப்போய்த் தராசைப் பார்த்தேன். எண்ணூறு கிராம் குறைந்திருந்தது.

எண்ணூறு கிராம் என்றால் பத்து யூனிட்டுக்கு மேல். கரண்ட் நான்கில் முடித்த வேலைக்குக் கேஸ் பத்து. இரண்டரை மடங்கு. விலையோ இரண்டு மடங்குக்குச் சற்று மேலேதான். மின்சாரம் ஜெயித்துவிட்டது.

டை கையைத் தேய்த்துக்கொண்டார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டுமல்ல அது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. “இன்னொரு வாட்டி பாக்கணும். தண்ணி கூட ஊத்திட்டீங்க” என்றான். சரி, சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். அதனால்தான் அன்றைக்கு மட்டும் அண்ணி சிலிண்டரின் திருகை மூடவில்லை. அந்தப் பரபரப்பில் காலையில் தீப்பெட்டியையும் எடுக்க மறந்திருந்தார். இது இரண்டும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட்டோம். பேச்சு நீண்டது. அண்ணன் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு, “வெங்காயம் பார்த்துட்டு வரேன்” என்று எழுந்து போனான். தோற்ற மனிதனுக்கு ஒரு சிகரெட் தேவைப்படும்தானே என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது சோதனைக்கு முன் எடையைக் குறித்துக்கொள்ளலாம் என்று தாழ்வாரத்துக்குப் போனேன். தராசு முன்பு காட்டியதைவிடக் கால் கிலோ குறைவாகக் காட்டியது. ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், தளர்வாகத்தான் கிடந்தது. தராசைத் தட்டினேன். அதே எண். உள்ளே வந்து அடுப்புகளைப் பார்த்தேன். எல்லாத் திருகும் மூடியிருந்தது, ஒன்றிலும் தீ இல்லை.

“கால் கிலோ எங்கேயோ போயிருக்கு” என்றேன்.

“கால் கிலோதானே மேடம், தராசு அப்படி இப்படிக் காட்டும்” என்றார் டை.

கால் கிலோ. சொல்லிப் பார்த்தால் கால் கிலோ தக்காளி மாதிரி இருக்கிறது. யாருக்கு உறைக்கும்? ஆனால் என் கைக்குப் பழக்கம், உள்ளங்கையில் பெருக்கிவிட்டேன். கால் கிலோ, பன்னிரண்டு புள்ளி எட்டு. மூன்று புள்ளி இரண்டு யூனிட்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எல்லா ஸ்விட்ச்சும் அணைத்திருக்கும்போது மீட்டர் ஓடினால், எவ்வளவு ஓடுகிறது என்று கேட்க மாட்டோம், எங்கே போகிறது என்றுதான் கேட்போம். மூன்று புள்ளி இரண்டு யூனிட். ஏறத்தாழ, அந்த நாற்பது லிட்டர் அண்டாவைக் கொதிக்க வைத்த அத்தனை வெப்பமும். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தில் ஒரு அண்டா கொதி, தீ இல்லாமல், சத்தமில்லாமல், எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் எரியாமல் காத்திருக்கிறது.

நேற்றிலிருந்து எத்தனை அண்டா?

கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும். தாழ்வாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே குழாய் போகும் மூடிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கீழே நிலவறை. இத்தனை மாதமாக அதை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்த விசிறியைத்தான் நாங்கள் கழற்றி வைத்திருக்கிறோம்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

“வெங்காயம் இல்லை” என்றார் மெதுவாக.

“இல்லைண்ணி.”

டைக்கு அப்போதுதான் புரிந்தது. ஆள் வெளிறிப்போய், “விசிறியை மாட்டிடறேன், காத்து வெளியே போயிடும்” என்று பிளக்கைப் பார்த்து ஓடினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “எதையும் தொடாதீங்க! பிளக், ஸ்விட்ச், எதையும். ஒரு பொறி போதும்.” நிலவறையில் எப்போதும் எரியும் குண்டு பல்பு ஒன்று உண்டு. அதன் ஸ்விட்ச் உடைந்து வருஷம் ஆகிறது, கீழே போகிறவர் எதையும் தட்ட வேண்டியதில்லை. அதைச் சரிபண்ணாத அண்ணனின் சோம்பலை அன்றைக்கு முதல்முறையாக வாழ்த்தினேன். நான் பின்னால் ஓடிச் சிலிண்டரின் திருகை இறுக்கினேன். விரல் வழுக்கியது. டையைக் கதவுகளைத் திறந்துகொண்டே தெருவுக்குப் போகச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தார். கீழே மங்கலான வெளிச்சம். மூட்டைகளுக்கு நடுவே அண்ணன் முதுகு தெரிந்தது. தீப்பெட்டியை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. உள்ளே குச்சிகள் இருக்கின்றன.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ‘கேஸ், கேஸ்’ என்று தொண்டைவரை வந்துவிட்டது. அண்ணி என் வாயைப் பொத்தினார்.

பொத்தியது ஏன் என்று ஒரு நொடி கழித்து விளங்கியது. ‘கேஸ்’ என்று காதில் விழுந்தால் அவன் என்ன செய்வான்? இருபது வருஷமாக என்ன செய்தானோ அதைத்தான். சிரித்துக்கொண்டே ஒரு குச்சியைக் கிழித்து, ‘பாத்தியா?’ என்பான்.

இறங்கிப் போய் இழுத்து வரவும் வழியில்லை. நடந்து சேர்வதற்குள் அவன் பற்றவைத்துவிடலாம். அண்ணி ஒரு மூச்சு இழுத்தார். குரல் நடுங்கவில்லை. குரலில் சிரிப்பும் வெட்கமும் வைத்து, தோற்றுப்போனவர் பேசுவதுபோலப் பேசினார்.

“ஏங்க, மேல வாங்க. கணக்கு தப்பாயிடுச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

கீழே தீப்பெட்டிச் சத்தம் நின்றது. “என்னது?”

“கேஸ்தான் மலிவு. யூனிட்டு தப்பாப் போட்டுட்டா. வந்து நீங்களே பாருங்க. டைகாரர் அடுப்பைக் கழட்டிட்டு ஓடறாரு.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல!” அண்ணன் குரலில் ஆனந்தம் பொங்கியது. படியில் செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. இவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் ஏற முடியுமா என்று இருந்தது. வாயில் பற்றவைக்காத சிகரெட். ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் குச்சி. ஜெயித்த சந்தோஷத்தில், படியின் உச்சியில் நின்று, அங்கேயே பற்றவைத்துக் கொண்டாடப் போகிறான் என்பது அவன் கட்டை விரல் போகும் போக்கிலேயே தெரிந்தது.

அண்ணி பாய்ந்து அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். குச்சி கீழே விழுந்தது. அவன் “ஏய், என்னடி” என்பதற்குள் நானும் ஒரு கை கொடுத்தேன். கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, தெருவின் எதிர்ப்பக்கம் வரை இரண்டு பேரும் அவனை இழுத்துக்கொண்டே போனோம். அவன் சட்டை கிழிந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்து, அந்த வீட்டில் ஏதோ சொத்துச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே நின்றுகொண்டு அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்களையும் வெளியே வரச் சொன்னோம். தீயணைப்புக்காரர்கள் வந்து, கேஸைக் கண்டால் கத்தும் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டிப் படிக்கட்டில் இறக்கினார்கள். பாதிப் படி தாண்டியதும் அது அலறத் தொடங்கியது. அடியில் போனபோது அலறல் நிற்கவே இல்லை. குழாய் வாய்க்காலில் வளையும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அவர்களில் வயதான ஒருவர் அண்ணனின் வாயில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சிகரெட்டைப் பார்த்தார். அதை மெதுவாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப நான் ஜெயிக்கலையா?” என்றான். அதைக் கேட்டு அண்ணி அழத் தொடங்கினார். வீட்டுக்குப் போகும்வரை நிறுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து எனக்கு மனம் கேட்காமல் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் போன கால் கிலோவை வைத்துப் பார்த்தால், அண்டா கொதித்த நேரத்தில் ஓட்டை வழியாகப் போனது இருநூறு கிராம் இருக்கும். எண்ணூறில் அதைக் கழித்தால் அடுப்பு எரித்தது அறுநூறுதான். ஏழேமுக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்டின் நான்கு யூனிட்டுக்கு இரண்டு மடங்குகூட இல்லை. விலையோ இரண்டு மடங்குக்கு மேல். ஆக, கேஸ்தான் கொஞ்சம் மலிவு. அண்ணி படிக்கட்டில் நின்று சொன்ன பொய் அப்பட்டமான உண்மை. நான் அதை அண்ணனிடம் சொல்லப் போனேன். கடன் வாங்கி அவன் ஏற்கெனவே இரண்டு கரண்ட் அடுப்பு இறக்கியிருந்தான், புதுக் கம்பி இழுத்து, விசிறியையும் மாட்டியிருந்தான். கணக்கைக் கேட்கவே மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டான்.

அண்ணிக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. தீயே இல்லாத அடுப்பின் பொத்தானை அமுக்குவதற்கு முன்னாலும் குனிந்து தரையை மோந்து பார்க்கிறார். இப்போது யாரும் அவரை அபாயம் என்று கூப்பிடுவதில்லை.

மாறியது அண்ணன்தான். போன மாதம் இருவருக்கும் ஏதோ ஒரு சில்லறைச் சண்டை. ஜன்னல் திரைக்கு எந்தத் துணி வாங்குவது என்று. அண்ணன் விடாமல் பேசிக்கொண்டே போனான். அண்ணி சலித்துப்போய், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க” என்றார்.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த தண்ணீர்க் குவளையை அப்படியே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், வாசலைத் தாண்டித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். அண்ணி போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான்.